குடும்பப் படமும் அதன்மேல் எழுதிய பெயர்களும்

கவிதா: குடும்பப் படத்தின் கீழே எல்லாருடைய பெயர்களையும் எழுதி, 12×8 அங்குல அச்சுக்காகப் பெரிதாக்கினேன். முகங்கள் ஓரளவு தெளிவாகவே உள்ளன. நான் எழுதிய பெயர்கள் மட்டும் மங்கிவிட்டன. எங்கே தவறினேன்?

முரளி: அக்கா, சேமிக்கும்போது, ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதைக் குறிக்கும் டிபிஐ என்ற இடத்தில் 72 இருந்தால் அதை 300 ஆக்கிவிடுங்கள். அச்சுக்கு அதுதான் அளவு.

சித்தப்பா: முரளி, 300 என்பது சரிதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் மாற்றினால் படத்தில் ஒரு பிக்சல்கூட அதிகரிக்காது. கவிதா, நீ எந்தப் படத்தில் எழுதினாய்?

கவிதா: இந்தக் குழுவிலிருந்து இறக்கிய படம், சித்தப்பா. 1600×1067 இருந்தது. எழுதிச் சேமித்த பிறகு 3600×2400 ஆக்கினேன்.

சித்தப்பா: அந்த வரிசைதான் தவறு. ஜேபெக்காகச் சேமித்த நொடியிலேயே எழுத்து, படத்தோடு ஒட்டிய வெறும் புள்ளிகளாகிவிடுகிறது. அதை 2.25 மடங்கு பெரிதாக்கும்போது, இல்லாத புள்ளிகளை மென்பொருள் பக்கத்து நிறங்களைக் கலந்து நிரப்புகிறது. கன்னத்தில் நிறம் மெல்ல மாறுவதால் அந்தக் கலப்பு கண்ணில் படாது. கறுப்பும் வெள்ளையும் சட்டென்று சந்திக்கும் எழுத்தின் விளிம்பிலோ அது சாம்பல் பட்டையாகத் தெரியும். கேமராவில் உள்ள 6000×4000 மூலப்படத்தை முதலில் 3600×2400 ஆகச் சுருக்கிவிட்டு, அதன்மேல் பெயர்களை எழுது. எழுத்து 5 மில்லிமீட்டர் உயரம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 60 பிக்சல் வை.

அத்தை: என் பழைய ஸ்கேன் படத்திலும் முகம் மங்கல்தான். கூர்மையாக்கும் வசதியைப் பயன்படுத்தினேன், நன்றாக வந்தது. கவிதாவும் அதையே செய்யலாமே?

சித்தப்பா: அக்கா, முகத்துக்கு அது ஓரளவு உதவும். எழுத்துக்குச் செய்தால் விளிம்பைச் சுற்றி வெளிறிய கோடு ஒன்று தோன்றி, அச்சில் இன்னும் உறுத்தும்.

கவிதா: அச்சுக்கான படத்தையே 1080 பிக்சல் அகலமாகச் சுருக்கிக் குழுவில் போடலாமா?

சித்தப்பா: வேண்டாம். 60 பிக்சல் எழுத்து 18 ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி ஓரிரு பிக்சலில் கரைந்துபோகும். ணகரத்தின் சுழிகள் அடைபட்டு னகரம்போல் தெரியும். பெயர்களைத் தப்பாகப் படிக்கும்படி விடுவது எனக்கு மனம் ஒப்பாது. பெயர் எழுதாத படத்தை 1080 ஆகச் சுருக்கி, 30 பிக்சல் உயரத்தில் புதிதாக எழுதி, பிஎன்ஜியாகச் சேமி. குழுவில் ஆவணமாக அனுப்பு. படமாக அனுப்பினால் செயலி அதை மறுபடியும் அழுத்தித் தரத்தைக் குறைத்துவிடும்.

முரளி: அச்சுக்குப் பிடிஎஃப் கொடுத்தால் எழுத்து வெறும் புள்ளிகளாக மாறாமல் கோட்டுருவமாகவே இருக்குமல்லவா?

சித்தப்பா: இருக்கும், எழுத்து தனி அடுக்காக இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கினால். ஆனால் புகைப்படத் தாளில் அச்சிடும் சில இடங்களில் ஜேபெக் மட்டுமே வாங்குவார்கள்.

கவிதா: நாளை கேட்டுப் பார்க்கிறேன். இப்போது புதிதாக எழுதியதை 100 சதவீத அளவில் திறந்து பார்த்தேன்; மெய்யெழுத்துப் புள்ளிகள் எல்லாம் தனித்தனியே நிற்கின்றன.