பர்மிய எழுத்து: கட்டங்கள் போயின, ஒருவர் பதில் மட்டும் சரியாகவில்லை

இருப்பது சென்னை வியாசர்பாடி. கணினி விண்டோஸ் 7, பயர்பாக்ஸ். மௌல்மெயினில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராது, மின்னஞ்சலுக்குப் பர்மிய மொழியில்தான் பதில் போடுகிறார்கள். பர்மாவிலிருந்து வந்த பக்கத்து வீட்டுப் பாட்டிதான் திரையைப் பார்த்துப் படித்துச் சொல்வார்.

முதலில் எல்லாமே வெறும் கட்டம். விண்டோஸ் 7-இல் பர்மிய எழுத்துரு கிடையாது, 8-இல்தான் வந்தது. Noto Sans Myanmar நிறுவியதும் கட்டங்கள் போய்விட்டன. அண்ணன் மகளின் பதில்களைப் பாட்டி தடங்கலின்றிப் படிக்கிறார்.

ஆனால் மாமா பழைய போனிலிருந்து அனுப்புவது மட்டும் குழம்பி வருகிறது. நம் 'கெ' மாதிரி, அங்கேயும் எழுத்துக்கு இடப்பக்கம் வரும் ஒரு குறி உண்டு (U+1031). யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் பதிவாகும். மாமாவுடையதில் முன்னாலேயே இருப்பதால், புள்ளி வட்டத்தில் தனியாகத் தொங்குகிறது. ஆக, அது பர்மிய எழுத்தைப் பதியும் ஸௌஜி என்ற பழைய முறை. மியான்மர் 2019 அக்டோபரில் யூனிகோடுக்கு மாறியும் பழைய போன்கள் மாறவில்லை.

Zawgyi-One எழுத்துருவைப் போட்டுப் பார்த்தேன். மாமாவுடையது சரியானது, உடனே அண்ணன் மகளுடையது கெட்டுப்போனது! பயர்பாக்ஸில் என்கோடிங்கை மாற்றியும் பயனில்லை. இரண்டும் UTF-8 தான். மாமாவைப் போன் மாற்றச் சொல்வது நடக்காத காரியம்.

ஸௌஜியில் வந்த அஞ்சலை மட்டும் கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றி, மற்றதைத் தொடாமல் விடும், இணையமின்றி விண்டோஸ் 7-இல் ஓடும் மாற்றி எது?