வாளியில் பச்சைப் பாசி, தேய்த்தும் போகவில்லை. கெதியாக உதவுங்கோ

நல்லூர்க்காரி:
பாத்ரூம் வாளியிலும் மக்கிலும் பச்சையாகப் பிடித்துவிட்டது. நன்றாகத் தேய்த்துக் கழுவியும் போகவில்லை. சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

தும்புத்தடி:
எதைப் போட்டுத் தேய்த்தீர்கள்? கிணற்றுத் தண்ணியா? வாளி வெயில் படுகிற இடத்திலா நிற்கிறது?

வேலணை மச்சான்:
இதற்கு ஏன் இவ்வளவு கேள்வி? குளோரின் ஊற்றி இரவு முழுக்க விடுங்கோ. விடியப் பாசி இராது.

பழைய வாத்தியார்:
இதே கேள்வி இங்கே எத்தனை தரம் வந்துவிட்டது. தேடிப் பார்க்கிற பழக்கமே இல்லை. பாசி தாவரம் மாதிரி, வெளிச்சம் இருந்தால் வளரும். வாளியைக் கவிழ்த்து வைத்தால் போதும். எங்கள் வீட்டில் அலுமினிய வாளி, பாசியே பிடிப்பதில்லை.

நல்லூர்க்காரி:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கிணற்றுத் தண்ணிதான், மோட்டரில் தொட்டிக்கு ஏற்றுகிறோம். வாளி கண்ணாடி யன்னலுக்குக் கீழே நிற்கும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியைப் போட்டுத்தான் தேய்த்தேன். நேற்றுக் குளோரினும் ஊற்றினேன். பச்சை வெளிறியது, ஆனால் சாம்பல் நிறப் படை ஒன்று அப்படியே இருக்கிறது, கையில் வழுக்குகிறது.

கிணற்றடி:
அப்படியென்றால் உங்களுக்கு இருப்பது இரண்டு அழுக்கு, தங்கச்சி. மேலே பாசி, கீழே சவர்க்காரப் படை. குளோரின் பாசியைக் கொன்றுவிட்டது, படையை அது தொடாது. படை இருப்பதால் புதுப் பாசிக்கு நல்ல பிடி கிடைக்கிறது, அதனால்தான் திரும்பத் திரும்ப வரும்.

குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணியில் கல்சியம் நிறைய. சவர்க்காரம் அந்தக் கல்சியத்தோடு சேர்ந்தால் தண்ணியில் கரையாத பசையாக மாறி வாளியில் ஒட்டும். நீங்கள் அதே தண்ணியில் சவர்க்காரக் கட்டியால் தேய்த்தால், அந்தப் படையைப் புதிதாகப் பூசுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

ஒரு சோதனை: நகத்தால் சுரண்டிப் பாருங்கோ. மெழுகு மாதிரிச் சுருண்டு வந்தால் சவர்க்காரப் படை. கல்லாக இருந்து, வினாகிரி விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பு.

கொக்குவில் ஆச்சி:
பிள்ளையள், எங்கட கேத்தலுக்குள்ளும் வெள்ளையாய்க் கல்லுப் பிடிச்சிருக்கு. அதுக்கும் இதே குளோரின் விடலாமோ?

கிணற்றடி:
வேண்டாம் ஆச்சி, குடிக்கிற சாமானுக்குள் குளோரின் எதற்கு? அது சுண்ணாம்பு. தேசிக்காய்ச் சாறு விட்ட தண்ணியைக் கொதிக்கவைத்து ஊறவிட்டால் கரையும். பிறகு வெறும் தண்ணியை ஒருதரம் கொதிக்கவைத்து ஊற்றிவிடுங்கோ.

வேலணை மச்சான்:
சரி, அப்போ வினாகிரியையும் குளோரினையும் சேர்த்தே ஊற்றுவோம், ஒரே வேலையாகப் போகும்.

கிணற்றடி:
ஐயோ, கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூமில் மூச்சு முட்டும். தரை கழுவுகிற அசிட்டும் அப்படித்தான். நல்லூர்க்காரி, நீங்கள் நேற்றுக் குளோரின் ஊற்றியதால், முதலில் வாளியை நாலைந்து தரம் அலசி, மணம் போகும்வரை வெளியில் வையுங்கோ.

அப்புறம் வினாகிரியும் இளஞ்சூட்டுத் தண்ணியும் சம அளவு கலந்து, பழைய பருத்தித் துணியை நனைத்துப் படையின் மேல் ஒட்டிவிடுங்கோ. அரை மணி நேரம் துணி காயாமல் பார்க்கவேண்டும். கொதித்த தண்ணி ஊற்றினால் பிளாஸ்டிக் நெளியும்.

இதற்குப் பிறகுதான் பலர் ஏமாறுவது. துணியை எடுத்ததும் படை போயிருக்காது, மென்மையாகி எண்ணெய்ப் பிசுக்காக நிற்கும். அமிலம் கல்சியத்தைப் பிரித்துவிடும், மிஞ்சுவது கொழுப்பு. அதைத் தண்ணி கழுவாது, சட்டி கழுவுகிற திரவம்தான் கழுவும். ஒரு கரண்டி விட்டு, மென்மையான பஞ்சால் இளஞ்சூட்டுத் தண்ணியில் தேயுங்கோ. அந்தத் திரவம் கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரம் மாதிரிப் படை கட்டாது. நன்றாக அலசிய பிறகும் பச்சை மிஞ்சினால் மட்டும், ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி திரவக் குளோரின், கால் மணி நேரம். அதுவும் வேறொரு நேரத்தில், யன்னலைத் திறந்துவைத்து.

தும்புத்தடி:
அடுப்புச் சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்தால் என்ன? அம்மா அப்படித்தான் தேய்ப்பா.

கிணற்றடி:
பித்தளைக்குச் சரி. பிளாஸ்டிக்கில் கீறல் விழும், கீறலுக்குள் பாசி ஒளிந்துகொள்ளும். இரும்புத் தும்பும் வேண்டாம்.

பழைய வாத்தியார்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? அலுமினிய வாளி வாங்கினால் கதை முடிந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்.

தும்புத்தடி:
அலுமினிய வாளியிலும் அதே சவர்க்காரப் படை கட்டும், வாத்தியார். கல்சியம் தண்ணியில், வாளியில் இல்லை. அதோடு வினாகிரி நேரம் கூடினால் அலுமினியத்தை அரித்துவிடும்.

பழைய வாத்தியார்:
நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்கள் வாசித்ததைச் சொல்கிறீர்கள்.

தும்புத்தடி:
நானும் பார்த்ததுதான். உங்கள் வாளியின் அடியை ஒருக்கால் நகத்தால் சுரண்டிவிட்டு வந்து எழுதுங்கோ.

வேலணை மச்சான்:
எங்கள் பக்கம் தண்ணி உப்பு. சவர்க்காரம் நுரைக்கவே மாட்டேன் என்கிறது, ஆனால் வாளியில் மட்டும் படை கட்டுகிறது. மாரியில் கூரைத் தண்ணி பிடித்துக் குளித்தால் வாளி சுத்தமாக இருக்கும். அதைக் கவனித்திருக்கிறேன்.

கிணற்றடி:
மழைத் தண்ணியில் கல்சியம் இல்லை, அதுதான் காரணம். ஆனால் அதைத் திறந்த தொட்டியில் வைத்தால் பாசி பிடிக்கும், மூடி போடுங்கோ.

பழைய வாத்தியார்:
இழை எங்கே போகிறது? கேட்டவரைக் காணவில்லை.

நல்லூர்க்காரி:
இருக்கிறேன், வேலைக்கு இடையில் வாசித்தேன். நகத்தால் சுரண்டினேன், சுருண்டு வந்தது. வினாகிரித் துணி போட்டுப் பார்த்தேன், சொன்ன மாதிரியே பிசுக்காக மாறியது. சட்டி கழுவுகிற திரவத்தில் வாளி வெளுத்துவிட்டது, நன்றி அண்ணை. அடியில் பழைய கீறல் இருக்கிற இடம் மட்டும் இளம்பச்சையாக நிற்கிறது. மக்கின் கைபிடி உள்ளே பொள்ளாக இருக்கிறது, அதற்குள் பச்சை தெரிகிறது. அதற்கு என்ன செய்வது?

கிணற்றடி:
கைபிடிக்குள் ஒரு ஓட்டை இருக்குமே, அதனால்தான் தண்ணி போகிறது. குளோரின் கலந்த தண்ணியில் மக்கை மூழ்கவிட்டு, ஓட்டை வழியே காற்றுக் குமிழி முழுக்க வெளியேறும்வரை சாய்த்துப் பிடியுங்கோ. பிறகு ஓட்டை கீழே பார்க்கத் தொங்கவிட்டால் வடியும். பச்சை உள்ளேயே காய்ந்துபோயிருந்தால் வராது, புது மக் வாங்குவதுதான் லாபம்.

தும்புத்தடி:
சவர்க்காரக் கட்டியை மக்குக்குள் போட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கோ. எங்கள் வீட்டில் முக்கால்வாசிப் படை அதிலிருந்துதான்.

கொக்குவில் ஆச்சி:
தேசிக்காய் விட்டுக் கொதிக்க வச்சன், கல்லு உரிஞ்சு வந்திட்டுது. அடியில கொஞ்சம் கிடக்குது. திரும்ப விடட்டோ?

வேலணை மச்சான்:
விடுங்கோ ஆச்சி. குளோரின் மட்டும் வேண்டாம்.