பொருள்: பிரைவேட் லேபிளுக்குத் தமிழ், "தனியார்" வேண்டாம்

கலைச்செல்வி எழுதியது:

வணக்கம். சில்லறை வணிகப் பாடத்துக்கான சொற்பட்டியலில் ஒரு ஜோடி நிற்கிறது: பிரைவேட் லேபிள், நேஷனல் பிராண்டு. பழைய பட்டியலில் "தனியார் முத்திரை", "தேசிய முத்திரை" என்று இருக்கிறது. முதலாவதைப் படிக்கும் பிள்ளைகள் அரசு, தனியார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சேலத்தில் கடை நடத்துபவர்களும் சரக்குப் போட்டுக் கொடுப்பவர்களும் இந்தக் குழுவில் இருப்பதால் கேட்கிறேன். உங்கள் வாயில் என்ன சொல் வருகிறது?

மணிவண்ணன் எழுதியது:

அம்மா, இது எளிது. தன் ஆலையில் செய்து தன் பெயரில் விற்றால் அது ஆலைப்பெயர்ச் சரக்கு. அடுத்தவன் ஆலையில் செய்ததை வாங்கித் தன் பெயர் போட்டால் கடைப்பெயர்ச் சரக்கு. யார் செய்தது என்பதுதான் வித்தியாசம். "தேசிய" என்பதைத் தூக்கிவிடுங்கள். சேலம், நாமக்கல் தாண்டாத மசாலாப் பொடியும் கடைக்காரருக்கு அந்த வகைதான்.

சுந்தரம் எழுதியது:

நாங்கள் "கம்பெனி பாக்கெட்", "நம்ம பாக்கெட்" என்றுதான் சொல்கிறோம். கடைப்பெயர் என்பது பரவாயில்லை, காதில் உறுத்தவில்லை.

ஆனால் பாடத்தில் "கடைக்காரருக்கு லாபம் அதிகம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஜவ்வரிசி அரைக் கிலோவை எடுத்துக்கொள்வோம். வரியை விட்டுவிட்டு, கணக்குக்காகச் சொல்கிறேன். கம்பெனி பாக்கெட் 53 ரூபாய்க்கு வந்து 60க்குப் போகிறது, நிற்பது 7 ரூபாய். நம்ம பாக்கெட் 39க்கு வந்து 52க்குப் போகிறது, நிற்பது 13. கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று தோன்றும். ஆனால் கம்பெனி பாக்கெட்டில் வண்டு வைத்தாலோ தேதி முடிந்தாலோ லைனுக்கு வரும் பையன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். நம்ம பாக்கெட்டை எடுக்க யாரும் வர மாட்டார்கள். நூறு பாக்கெட்டில் பன்னிரண்டு வீணானால் மீதி 88க்கு 1,144 ரூபாய் நிற்கும், அதில் வீணான சரக்கின் விலை 468 போய்விடும். கையில் 676. கம்பெனி சரக்கு நூறு விற்றிருந்தால் தலைவலி இல்லாமல் 700 வந்திருக்கும். அதனால் வேகமாக ஓடுகிற அயிட்டத்துக்குத்தான் சொந்தப் பெயர் போட வேண்டும். ஜவ்வரிசி பண்டிகை, விரத நாட்களில் பறக்கும், மற்ற மாதம் உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று. நம்ம பாக்கெட் வந்துவிட்டது என்று கம்பெனி பாக்கெட்டை ராக்கிலிருந்து எடுத்துவிடக் கூடாது. பக்கத்தில் 60 என்று ஒன்று நின்றால்தான் 52 மலிவு என்று கண்ணுக்குத் தெரியும்.

தங்கராசு எழுதியது:

சுந்தரண்ணே, உங்கள் 39 ரூபாயைப் போட்டுக் கொடுக்கிறவன் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். எங்கள் ஆலை ஆத்தூர்ப் பக்கம். பெயரில்லாமல் செய்து கொடுப்பது எங்களுக்குப் புதிதில்லை. இங்கே ஓடுகிற ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக மூட்டையாகப் போய், மகாராஷ்டிரத்தில் யாரோ ஒருவருடைய பெயரில் விரதச் சாப்பாடாகிறது.

பாக்கெட் என்று வந்தால் சிக்கல் ஜவ்வரிசியில் இல்லை, ரோலில் இருக்கிறது. அச்சடித்த பிளாஸ்டிக் ரோல் 200 கிலோவுக்குக் குறைந்து எங்களுக்கு யாரும் அடித்துத் தருவதில்லை. அரைக் கிலோ கவர் ஆறேழு கிராம் இருக்கும். அப்படியென்றால் 200 கிலோவில் ஏறக்குறைய 30,000 கவர். மாதம் ஆயிரம் பாக்கெட் எடுக்கிற கடைக்கு அது இரண்டரை வருஷத்துச் சரக்கு. அதை அச்சடிக்கிற சிலிண்டர் செலவு தனி. விலையும் தேதியும் கடைசியில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் கடையின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் ரோலிலேயே இருக்கிறது. கடை முகவரி மாறினாலும் போச்சு, கடைக்காரர் வேறு ஆலைக்குப் போனாலும் போச்சு. மேலே உங்கள் பெயர் இருக்கிற கவரில் நான் வேறு யாருக்கும் போட முடியாது. அது குப்பைதான்.

அதனால் இப்போது நாங்கள் புதுக் கடை என்றால் வெறும் கவரில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் தருகிறோம். ஆள் கூலி கூடும், பார்வைக்கும் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் நின்றுபோனால் நஷ்டம் ஸ்டிக்கரோடு முடியும். ரோல் அடிக்க வேண்டுமென்றால் மீதி ரோலுக்குக் கடைதான் பொறுப்பு என்று எழுதி வாங்குகிறோம். இதை எழுதாமல் விட்டவர்களுடைய குடோனில் மூடிப்போன கடைகளின் பெயர்களைப் படிக்கலாம்.

39ஐ 37 ஆக்கு என்றால் ஆக்கலாம், குருணை கொஞ்சம் கூடும். பாயசம் கொழகொழவென்று போனால் வாடிக்கையாளர் என்னைத் திட்ட மாட்டார், உங்களைத்தான் திட்டுவார்.

ஏற்காட்டிலிருந்து ஜோசப் எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினைதான். எங்கள் தோட்டத்து மிளகையும் காபிக் கொட்டையையும் மூட்டையாக வியாபாரிக்குக் கொடுக்கிறோம், லேபிளே இல்லை. இதைக் கடைப்பெயர்ச் சரக்கு என்று சொல்லலாமா? சேர்வராயன் மலைக் காபி என்று போட்டுக்கொள்ள வியாபாரி எங்களிடம் கேட்க வேண்டாமா?

பர்வீன் எழுதியது:

ஜோசப் சார், நீங்கள் விற்பது மூலச்சரக்கு. வறுத்து அரைத்துப் பாக்கெட்டில் அடைத்த பிறகுதான் இந்தப் பேச்சே தொடங்குகிறது. மலையின் பெயரை யார் போடலாம் என்பது வேறு வழக்கு, அதைத் தனி இழையில் பேசலாம்.

மணிவண்ணன் ஐயா சொன்ன "யார் செய்தது" என்ற அளவுகோலில் பாதிதான் சரி. பெரிய கம்பெனிகள் பலவும் பிஸ்கட்டையும் சோப்பையும் வெளி ஆலைகளில் செய்து வாங்குகின்றன. பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் தயாரித்த ஆலையின் முகவரி ஒன்று, பெயருக்கு உரியவரின் முகவரி ஒன்று என்று இரண்டு இருக்கும். உங்கள் கணக்குப்படி அது கடைப்பெயர்ச் சரக்காகிவிடும். ஆனால் அந்தப் பெயர் கம்பெனியுடையது, எந்தக் கடையிலும் கிடைக்கும், விளம்பரமும் அவர்களே செய்கிறார்கள்.

நான் பார்ப்பது இரண்டு கேள்விகள். வணிகக்குறி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? அந்தப் பெயருக்கு உரியவர் தாமே ராக்குக்கும் சொந்தக்காரரா? இரண்டுக்கும் கடைக்காரர் என்பதே பதிலானால் அது கடைப்பெயர்ச் சரக்கு. தங்கராசு அண்ணன் கவலைப்படுவதும் இதனால்தான். பெயர் கடையுடையது என்பதால் நாளைக்கே வேறு ஆலையில் போட்டு வாங்கலாம், வாங்குகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. கம்பெனி பாக்கெட்டில் கடைக்காரரால் அதைச் செய்ய முடியாது.

மற்றதற்கு "ஆலைப்பெயர்" பொருந்தாது. "நிறுவனப்பெயர்" என்றால் கடையும் நிறுவனம்தானே. சுந்தரம் சொன்ன "கம்பெனி"யையே வைத்து "கம்பெனிப்பெயர்ச் சரக்கு" என்பேன்.

மணிவண்ணன் எழுதியது:

கலைச்சொல்லில் கம்பெனியா? எனக்குச் சம்மதமில்லை. "ஆக்குநர் பெயர்" என்று வையுங்கள். சரி, அப்படியே இதற்கும் பதில் சொல்லுங்கள். லீ பஜாரில் மொத்த வியாபாரி நான்கு ஆலைகளில் பருப்பு வாங்கித் தன் மார்க் போட்டு ஊரெல்லாம் கடைகளுக்குத் தள்ளுகிறார். அவருக்கு ஆலையும் இல்லை, ராக்கும் இல்லை. அவர் எந்தப் பக்கம்?

பர்வீன் எழுதியது:

நல்ல கேள்வி. மேல்நாட்டுப் பாடநூல்களில் மொத்த வியாபாரியின் பெயரையும் பிரைவேட் லேபிளோடு சேர்ப்பவர்கள் உண்டு. செய்தவர் பெயர் இல்லை, விற்பவர் பெயர் என்பது அவர்கள் நியாயம். எனக்கு அது சேலத்து நடைமுறைக்கு ஒட்டவில்லை. சில்லறைக் கடைக்கு அதுவும் வெளியிலிருந்து வருகிற இன்னொரு பாக்கெட்தான்.

சுந்தரம் எழுதியது:

பாதி சரி. லீ பஜார் மார்க்கில் எனக்கு நிற்பது கம்பெனி பாக்கெட்டை விடக் கொஞ்சம் கூடுதல். வண்டு வைத்தால் திருப்பி எடுப்பது அந்த வியாபாரியின் மனசைப் பொறுத்தது. நான் எந்தப் பக்கமும் சேர்க்க மாட்டேன். "மார்க் சரக்கு" என்றே எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம்.

தங்கராசு எழுதியது:

எங்களுக்கும் அது தனிதான். மார்க் வியாபாரி ரோலை அவரே அடித்துக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பணம்தான் இழுக்கும். சிறு தொழிலுக்கு 45 நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த லோடு வேறு ஆலைக்குப் போகும்.

கலைச்செல்வி எழுதியது:

இப்போதைக்கு "கடைப்பெயர்ச் சரக்கு" என்று பதிந்துகொள்கிறேன். பர்வீன் சொன்ன இரண்டு கேள்விகளே விளக்கமாக வரும், சுந்தரம் அண்ணன் கணக்கைப் பயிற்சியாகப் போடுகிறேன். மற்றதற்குக் "கம்பெனிப்பெயர்", "ஆக்குநர் பெயர்" இரண்டும் சாய்வுக்கோடு போட்டு நிற்கட்டும். "மார்க் சரக்கு" தனிப் பதிவாகிறது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மொத்த வியாபாரத்தில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் அதற்கு விளக்கம் எழுதி அனுப்புங்கள், மணிவண்ணன் ஐயாவும் நானும் எழுதினால் சண்டைதான் வரும்.