தாமதமாக வரும் டேட்டா: இன்டர்வியூவில் மாட்டிக்கொண்ட கேள்வி

டேட்டா இன்ஜினியர் வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். நேற்றைய இன்டர்வியூவில் கேட்டது: தினமும் இரவு 2 மணிக்கு ஓடும் ஜாப், நாள்வாரியாக ஆர்டர் தொகையைக் கூட்டுகிறது. பாதியில் விழுந்து மறுபடி ஓடினால்?

வெறும் இன்சர்ட் என்றால் ஏற்கனவே எழுதிய தொகை இரண்டு முறை சேரும், அதனால் அந்த நாளின் பார்ட்டிஷனை முழுதாக ஓவர்ரைட் செய்வேன் என்றேன். சரி என்றார். அப்புறம்தான் பொறி வைத்தார். 10ஆம் தேதி இரவு நெட் இல்லாத போனில் போட்ட ஆர்டர் 12ஆம் தேதி வந்து சேர்கிறது. புதிதாக வந்த அந்த ஒரு வரியை மட்டும் வைத்து 10ஆம் தேதியை ஓவர்ரைட் செய்தால், பழைய வரிகள் எல்லாம் போய்விடும்!

மூல டேட்டாவை வந்த தேதிப்படி வைத்துக்கொண்டு, இன்று வந்தவை எந்தெந்த ஆர்டர் தேதிகளைத் தொடுகின்றனவோ அவற்றை மட்டும் மூலத்திலிருந்து முழுதாகத் திரும்பக் கணக்கிடுவேன் என்றேன். ஸ்ட்ரீமிங்கிலும் இதே தலைவலிதான். எவ்வளவு தாமதம் வரை காத்திருப்பது என்ற வரம்பான வாட்டர்மார்க்கைத் தாண்டி வருவதை விடுவதா, தனியே ஒதுக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். அறிக்கையைக் காலையில்தான் பார்ப்பார்கள் என்பதால் பேட்ச் போதும் என்று சொன்னேன்.

நான் திணறியது இங்கே: 13ஆம் தேதியும் அதே 10ஆம் தேதிக்கான இன்னொரு பழைய ஆர்டர் வந்தபின், 12ஆம் தேதி ஜாப்பை மறுபடி ஓட்டினால்? 12 வரை வந்ததை மட்டும் படித்தால் புதிய வரி அழியும். எல்லாவற்றையும் படித்தால் முதல் முறை வந்த விடை வராது. எத்தனை முறை ஓட்டினாலும் விடை மாறாதது, அதாவது ஐடெம்பொட்டென்ட் என்று இதில் எதைச் சொல்வீர்கள்? நீங்கள் எப்படிப் பதில் சொல்வீர்கள்?