காபிக் கொட்டையை ஃப்ரீசரில் வைத்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கமுங்க. பெருந்துறையில் இருக்கிறோம். ஏற்காட்டிலிருந்து சித்தப்பா வறுத்த பீபெரி கொட்டை ஒரு கிலோ கொடுத்தனுப்பியிருக்கிறார். எங்களுக்கு வாரத்துக்குக் கால் கிலோ போதும். மீதி இந்தச் சித்திரை வெயிலில் தாங்க வேண்டுமே! சூடும் வெளிச்சமும் காற்றும் பட்டால் கொட்டையிலுள்ள எண்ணெய் காறிப்போய், டிகாஷனில் மணமே இருக்காது.

ஃப்ரிட்ஜ் நிச்சயமாக வேண்டாம். அங்குள்ள ஈரத்தையும் குழம்பு வாசத்தையும் வறுத்த கொட்டை இழுத்துக்கொள்ளும். அதனால் இந்த வாரத்துக்கானது மட்டும் அடுப்புக்குத் தள்ளி, அலமாரிக்குள் எவர்சில்வர் டப்பாவில் இருக்கட்டும். மீதியைக் கால் கிலோ வீதம் காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீசரில் வைக்கலாம் என்று எண்ணம். எடுத்த பொட்டலத்தை ராத்திரி முழுக்க வெளியே வைத்துவிட்டு, குளிர்ச்சி போனபிறகுதான் பிரிக்க வேண்டும். சில்லென்று இருக்கும்போதே பிரித்தால் கொட்டைமேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பிரித்ததைத் திரும்ப உள்ளே வைக்கவும் கூடாது.

என் சந்தேகம் இதுதானுங்க. நேற்றுத்தான் வறுத்தது, இன்னும் வாயு வெளியேறிக்கொண்டிருக்கும். இப்போதே கட்டினால் பொட்டலம் உப்பிவிடுமா, சில நாள் பொறுக்கணுமா? அப்புறம், வால்வு வைத்த பை ஈரோட்டில் சில்லறையாக எங்கே கிடைக்கும்?