தொண்டை வலின்னா ஸ்கூலுக்கு அனுப்புறீங்களா? எனக்கு நடந்தது

கவின் அம்மா:
பையன் ரெண்டாங்கிளாஸ். திங்கக்கிழமை காலைல எழுந்ததும் எச்சில் முழுங்க முடியலம்மான்னான், தொட்டா சுடுது, 101. அன்னைக்கு மன்த்லி டெஸ்ட் வேற, அதனால பாராசிட்டமால் சிரப் ஊத்தி, 99க்கு இறங்கவும் வேன்ல ஏத்திட்டேன். பதினொன்றரைக்கு மிஸ் போன், பெஞ்சுல படுத்துட்டான்னு. போய் பாத்தா 102. சாயங்காலம் டாக்டர் டார்ச் அடிச்சு பாத்தாரு, தொண்டைல வெள்ளை வெள்ளையா புள்ளி, கழுத்துல நெறி கட்டிருக்கு, சளி இருமல் எதுவும் இல்ல. பாக்டீரியா மாதிரி இருக்குன்னு ஆறு மணிக்கே அமாக்சிசிலின் முதல் டோஸ் குடுத்தாச்சு, பத்து நாள் கோர்ஸ். இப்ப செவ்வாய் ராத்திரி, நல்லா விளையாடுறான். நாளைக்கு அனுப்பலாமா?

மதுரை தாத்தா:
ஆன்டிபயாடிக் போட்டு ஒரு நாள் ஆச்சுன்னா பரவாதும்மா, தாராளமா அனுப்பு. எங்க பேத்திக்கு மூணாம் நாளே சரியாயிடுச்சு, மீதி மருந்த ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டோம், அடுத்த தடவைக்கு ஆகும்ல.

வார்டு நர்ஸ்:
தாத்தா சொன்ன ஒரு நாள் கணக்கு சரிதான், ஆனா அது பாதிதான். காய்ச்சல் மருந்து இல்லாம 24 மணி நேரம் 100.4க்கு கீழ இருக்கணும், அதுவும் சேந்தாதான் அனுப்பணும். கவின் அம்மா, கடைசியா பாராசிட்டமால் எப்ப குடுத்தீங்க? திங்கக்கிழமை 99 காட்டுனது சிரப் வேலைதான், நாலு மணி நேரம் போனதும் ஏறிடுச்சு பாருங்க. அப்புறம் தாத்தா, அந்த பாட்டில கொட்டிடுங்க ப்ளீஸ், தண்ணி கலந்த சிரப் அடுத்த தடவை வரைக்கும் தாங்காது. நல்லா ஆயிட்டான்னு பாதில நிறுத்தக்கூடாது, சரியா குணமாகலன்னா பின்னாடி இதயத்த பாதிக்குற ருமாட்டிக் காய்ச்சல் சிலருக்கு வரும்.

கவின் அம்மா:
இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு குடுத்தேன், அப்ப 101 இருந்துச்சு.

வார்டு நர்ஸ்:
அப்போ ஆன்டிபயாடிக் கணக்கு இன்னைக்கு ஆறு மணிக்கே முடிஞ்சது, காய்ச்சல் கணக்கு நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னாடி முடியாது. எது லேட்டோ அதுதான். இனிமே காய்ச்சல் வரலன்னா வியாழன் அனுப்புங்க.

செல்வா:
எனக்கு முப்பத்தி நாலு வயசுல டான்சில் எடுத்தாங்க, ஒரு வாரம் கஞ்சிதான். குழந்தைக்கும் எடுத்துரலாமே?

வார்டு நர்ஸ்:
ஒரு தடவை வந்ததுக்கா சார்!

நிலா அப்பா:
எங்க பாப்பாக்கு மூக்கு ஒழுகல், குரல் கம்மிருக்கு, காய்ச்சல் சுத்தமா இல்ல. மிஸ் வீட்லயே வச்சுக்கோங்கறாங்க.

வார்டு நர்ஸ்:
அது பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. நல்லா சாப்பிட்டு விளையாடுனா நான் அனுப்புவேன், ஆனா பரவாதுன்னு சொல்ல முடியாது, தண்ணி பாட்டில யாருக்கும் குடுக்காதன்னு சொல்லி அனுப்புங்க. உங்க ஸ்கூல் ரூல் வேறயா இருந்தா அவங்ககிட்டதான் பேசணும்.

கவின் அம்மா:
புதன் காலை 98.4. வீட்லதான் வச்சிருக்கேன். பக்கத்துல உக்கார்ற பையனுக்கும் தொண்டை வலின்னு அவங்க அம்மா இப்பதான் மெசேஜ் பண்ணாங்க, என்ன பதில் போடறதுன்னு தெரியல.