வேலை இழப்பை இரவு ஷிப்ட் ஊழியர்களிடம் எப்போது சொல்வது?

வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகத் தொழிற்கூடம் ஒன்றில் மனிதவளப் பொறுப்பில் இருக்கிறேன். பேக்கிங்கையும் ஸ்டோர்ஸையும் ஒன்றாக்குவதால் 46 பேரில் 9 பேருக்கு வேலை இருக்காது.

சனிக்கிழமை மாலை சம்பளம் கொடுத்த கையோடு எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிடலாம் என்கிறார் முதலாளி. ஞாயிறு முழுவதும் விளக்கம் கேட்க ஆளில்லாமல் அவர்கள் தவிப்பார்கள் என்பதால், செவ்வாய் காலை அந்த 9 பேரிடமும் தனித்தனியாகப் பேசி, ஒரு மாத நோட்டீசையும், பணியாற்றி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்ற இழப்பீட்டுக் கணக்கையும் எழுத்தில் கொடுத்துவிட்டு, மதியத்துக்குள் மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

"இனி ஒருவரையும் நிறுத்த மாட்டோம்" என்ற வரியை அவருடைய உரையிலிருந்து நீக்கிவிட்டேன்; ஆர்டர் நிலவரம் தெரியாமல் அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது. "வேறு பிரிவுகளில் மாற்றம் எதுவும் இப்போது முடிவாகவில்லை" என்பதே நாங்கள் உண்மையாகச் சொல்லக்கூடியது.

சிக்கல் இதுதான்: ஒன்பதில் மூன்று பேர் இரவு ஷிப்ட், காலை 6 மணிக்கு திருமங்கலம் பஸ் ஏறிவிடுவார்கள். களைத்தவர்களை 9 மணிவரை காக்கவைப்பதா, நானே 5 மணிக்குப் போய்ச் சொல்வதா? முன்கூட்டி பகல் ஷிப்டுக்கு மாற்றினால் அதுவே செய்தியைக் கசியவிடும். இதைக் கையாண்டவர்கள் வழி சொல்லுங்கள்.